கேட்கும் தொகையும் ஆகும் செலவும்

(அறக்கட்டளை விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் செயலாளர் அவர்கள் என்னிடம் கேட்டது வேறொன்று. நம் ஊர்களில் சிறு சிறு தொண்டமைப்புகளை நடத்தும் இளைஞர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். செய்யாறு சிப்காட் வளாகம் போன்ற தொழிற்பேட்டைகள் நமக்கு அண்மையில் வளர்ந்துவிட்டன. அங்குள்ள நிறுவனங்களிடம் சமூகப் பொறுப்பு நிதி கேட்டு எழுதும் திட்ட முன்மொழிவுகள் ஏன் மறுமொழியின்றிப் போகின்றன என்பதை, பட்டறிந்தவன் என்ற முறையில் எடுத்துரைக்குமாறு பணித்தார். பட்டறிவு என்று அவர் மரியாதையாகச் சொன்னார். பட்ட அடி என்பதே பொருந்தும்.

பணி ஓய்வுக்குப் பின் நண்பர் நால்வருடன் வந்தவாசி வட்டாரத்தில் ஒரு சிறு கல்வி அறக்கட்டளையை நடத்திவருகிறேன். நாங்கள் எழுதிய மூன்று முன்மொழிவுகளைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். முதலாவது மறுக்கப்பட்டது. இரண்டாவது ஏற்கப்பட்டது, ஆனால் அதுவே எங்களுக்குப் பெருந்துன்பம் தந்தது. மூன்றாவது இன்றளவும் நடந்துவருகிறது. எண்களை மனத்தில் இருத்துவதற்கு எளிதாகச் சற்றே முழுமையாக்கிச் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எவ்வகைப் பணிகளுக்கு என்பதை அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை வகுத்துரைக்கிறது. கல்வி, நலவாழ்வு, சுற்றுச்சூழல், வரலாற்றுச் சின்னங்களின் பாதுகாப்பு ஆகியவை அதில் உள்ளன. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே நாம் முதலாளி ஒருவரின் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை. சட்டப்படி செலவிட்டாக வேண்டிய தொகையைச் செலவிடத் தக்க இடம் தேடும் ஓர் அலுவலரின் முன் நிற்கிறோம். செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் தம் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்நிதி ஒப்புதல் பெற்ற நோக்கத்துக்கே செலவாயிற்று என்று நிறுவனத்தின் தலைமை நிதி அலுவலர் சான்றளிக்க வேண்டும்.

இந்த அடிப்படையை அறியாமல்தான் எங்கள் முதல் முன்மொழிவை எழுதினோம். பதினான்கு பக்கம். தொடக்கத்தில் ஈகையைப் போற்றும் முன்னுரை, அடுத்து நிறுவனத்தின் புகழ், பின்னர் எங்கள் அறக்கட்டளையின் வரலாறு. பன்னிரண்டாம் பக்கத்தில்தான் 25 இலட்சம் ரூபாயில் ஒரு கல்வி அரங்கம் கட்டித்தர வேண்டும் என்ற வேண்டுகோள் வரும். நடை செம்மையாக இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. நான்கு மாதமாகியும் மறுமொழி இல்லை. நேரில் சென்றேன்.

சமூகப் பொறுப்புப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம்பெண். என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய அகவை. எழுந்து வணங்கி, அமரச் செய்து, தேநீர் வரவழைத்தார். பிறகு அந்தப் பதினான்கு பக்கங்களையும் மேசைமீது வைத்து, "ஐயா, நான் முழுவதும் படித்தேன். இதை எங்கள் குழுவின் முன் வைத்தால், யாருக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில் என்ன மாறும் என்று கேட்பார்கள். அதற்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது? காட்டுங்கள், நான் அடிக்கோடிட்டுக்கொள்கிறேன்" என்றார்.

நான் பக்கங்களைப் புரட்டினேன். எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவர் மேலும் கேட்டார்: "கட்டடம் யாருடைய நிலத்தில் எழும்?" ஊர்ப் பெரியவர் ஒருவர் நிலம் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தார், பத்திரம் இல்லை. இந்நிதியால் எழும் கட்டடம் போன்ற நிலைச்சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதை 2021 சனவரியில் திருத்தப்பட்ட விதிகள் வரையறுத்திருக்கின்றன. நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள இயலாது. சமூகப் பொறுப்புப் பதிவு எண் பெற்ற பொது அறக்கட்டளை, சங்கம் போன்ற அமைப்போ, பயனடைவோர் குழுவோ, அரசு அமைப்போதான் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தகுதி எங்களுக்கு இருந்தது; நிலம்தான் இல்லை. வாய்மொழி நிலத்தின்மேல் இருபத்தைந்து இலட்சத்தை எந்தக் குழுவும் இறக்காது.

பதிவு என்றதும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பொது அறக்கட்டளையாக அல்லது சங்கமாகப் பதிவு, வருமான வரித்துறையில் 12ஏ, 80ஜி என்று நாம் வழக்கமாக அழைக்கும் இரண்டு ஒப்புதல்கள், இதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவம், சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் வழியாகப் பெறும் பதிவு எண் ஆகிய இவை இல்லாத அமைப்புக்கு நிறுவனம் பணியை ஒப்படைப்பது அரிது. அந்தப் படிவத்தைப் பட்டயக் கணக்கர் போன்ற தொழில்முறை வல்லுநர் ஒருவர் சரிபார்த்து மின்கையொப்பம் இட வேண்டும். இவற்றுக்கே சில மாதங்கள் ஓடிவிடும். முன்மொழிவு எழுதத் தொடங்கிய பின் இவற்றைத் தேடுவது, திருமண நாளன்று பந்தக்கால் தேடுவது போன்றது. ஒரே சமூகத்தார்க்கு மட்டும் பயன்படும் அமைப்புக்கு 80ஜி கிடைப்பதில் தடையுண்டு என்பதையும், நம் அவையாதலால், வெளிப்படையாகச் சொல்லிவைக்கிறேன். எங்கள் மையங்களில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

நம் கோயில் திருப்பணிக்கு இந்நிதியைக் கேட்கலாமா என்று வாயிலில் ஓர் அன்பர் வினவினார். வழிபாடு அந்த அட்டவணையில் இல்லை. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களையும் இடங்களையும் புதுப்பித்தல் இருக்கிறது. ஆனால் அவ்விடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் துறையின் இசைவின்றி ஒரு செங்கல்லையும் தொட முடியாது. அது வேறு வழி, வேறு உரைக்குரியது.

மறுபடியும் அந்த அலுவலகத்துக்கு வருவோம். விடைபெறும்போது அந்தப் பெண், "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையைக் கேளுங்கள் ஐயா" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை பிள்ளைகளைப் படிக்க வைப்பது. வீடு திரும்பும் வழியிலேயே இரண்டாம் முன்மொழிவு மனத்தில் உருவாகிவிட்டது.

இம்முறை எழுதும் முன் எண்ணினோம். ஐந்து ஊர்களின் தலைமையாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் இசைவு பெற்று, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள 214 பிள்ளைகளை ஒவ்வொருவராக அமர்த்திப் படிக்கச் சொன்னோம். எழுத்து, சொல், எளிய பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையிலான சிறு கதை என்று நான்கு படிகள். ஊரகக் கல்விநிலை பற்றிய ஏசர் ஆய்வில் பயன்படும் முறை இதுவே. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரு மாலையில் பதினைந்து பேரைப் பார்த்துவிடலாம். 214 பேரில் 150 பேர் கதையைத் தடையின்றிப் படிக்க இயலாமல் நின்றார்கள். ஒவ்வொருவரும் எந்தப் படியில் நின்றார் என்பது பெயருடன் எங்கள் ஏட்டில் இருந்தது. நிறுவனத்துக்கு எண்ணிக்கையை மட்டும் கொடுத்தோம். பிள்ளைகளின் பெயரும் தரமும் ஊருக்குத் தெரிவதற்குரியவை அல்ல.

அந்த ஒரு பக்கப் பட்டியல், முந்தைய பதினான்கு பக்கங்கள் செய்யாததைச் செய்தது. குழுவில் எழுந்த முதல் வினா, "அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தை நடத்துகிறதே, இல்லம் தேடிக் கல்வியும் வந்ததே, இது எதற்கு?" என்பது. நியாயமான வினா. அரசு செய்வதையே மீண்டும் செய்ய எந்த நிறுவனமும் விரும்பாது. பள்ளியில் பாடம் நடக்கிறது, நாங்கள் அதற்குப் போட்டியில்லை. பள்ளி முடிந்தபின், எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து ஒன்றரை மணி நேரம் படிப்பிக்கிறோம். தலைமையாசிரியர்கள் ஐவரும் இதற்கு எழுத்தில் உடன்பட்டிருக்கிறார்கள் என்றோம். அந்த ஐந்து கடிதங்களும் இணைப்பில் இருந்தன. வேறு வினா எழவில்லை.

இலக்கையும் அந்தப் பெண்ணே திருத்தினார். 150 பேரும் கதை படிப்பார்கள் என்று நான் எழுதியிருந்தேன். "ஐயா, நாற்பதாண்டு ஆசிரியராக இருந்தீர்கள். எந்த ஆண்டிலாவது வகுப்பில் அனைவரும் தேறினார்களா?" என்றார். 100 பேர் என்று மாற்றினோம்.

இனித்தான் செலவுக் கணக்கு வருகிறது. இந்த இடத்தில் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். நாங்கள் தவறியது இங்கேதான்.

ஐந்து மையங்கள், மையத்துக்கு 30 பிள்ளைகள். ஊரிலேயே வாழும் பட்டதாரிப் பெண் ஒருவர் மையத்துக்கு ஆசிரியர். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், சூன் முதல் மார்ச்சு வரை பத்து மாதம். ஐவருக்கும் சேர்த்து 2,50,000. பாய், பலகை, விளக்கு ஆகியவற்றுக்கு மையத்துக்கு 8,000 வீதம் 40,000. நூல்களும் வாசிப்பு அட்டைகளும் பிள்ளைக்கு 400 வீதம் 60,000. ஆசிரியர் பயிற்சிக்கு 36,000. ஆண்டில் மூன்று முறை வாசிப்புத் தேர்வு நடத்த 30,000. ஆகமொத்தம் 4,16,000. நூல்களுக்கான 60,000 ரூபாயை நாங்களே ஏற்பதாகச் சொல்லி, 3,56,000 கேட்டோம். ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 2,373 ரூபாய். மிகச் சிக்கனமான திட்டம் என்று குழுவில் பாராட்டினார்களாம். நாங்களும் மகிழ்ந்தோம்.

அந்தத் தாளில் மூன்று வரிகள் விடுபட்டிருந்தன. மறதியால் அல்ல, நாங்களே அடித்தோம். ஐந்து மையங்களையும் நாள்தோறும் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரின் ஊதியம், மாதம் 12,000 வீதம் ஓராண்டுக்கு 1,44,000. அவர் ஊர் ஊராகச் செல்லும் போக்குவரத்துச் செலவு, மாதம் 2,000 வீதம் 24,000. கணக்கெழுதுதல், தணிக்கை, அலுவலகச் செலவுக்கு 36,000. மூன்றும் சேர்ந்து 2,04,000 ரூபாய்.

ஏன் அடித்தோம்? இரண்டு காரணங்கள். நிருவாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இவை நிருவாகச் செலவு என்று எண்ணினோம். இரண்டாவது, உண்மையான காரணம், கேட்கும் தொகை சிறியதாக இருந்தால் தருவார்கள் என்ற நினைப்பு. ஒருங்கிணைப்பாளர் வேலையை எங்களிடம் அன்பு கொண்ட ஓர் இளைஞர் ஊதியமின்றிச் செய்வதாக ஒப்புக்கொண்டார். பி.எட். முடித்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர். தம் வண்டியில், தம் பெட்ரோலில் ஊர் ஊராகச் சென்றார்.

சூன், சூலை, ஆகத்து மூன்று மாதங்களும் மையங்கள் அழகாக நடந்தன. செப்டம்பரில் அந்த இளைஞருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போகாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? வாழ்த்தி அனுப்பினோம். ஒரு மையத்தின் ஆசிரியை திருமணமாகி வேறூர் சென்றார். இன்னொரு மையத்தில் ஆசிரியை வாரத்துக்கு இரண்டு நாள் வரலானார். பிள்ளைகளும் அவ்வாறே வந்தார்கள். மாற்று ஆசிரியரைத் தேட, பெற்றோரைக் காண, வீட்டுக்கே சென்று பிள்ளையை அழைத்துவர ஆளில்லை. நான் என் பழைய ஸ்கூட்டரில் சில நாள் சுற்றினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அக்டோபர் முடிவில் இரண்டு மையங்களும் நின்றன. 60 பிள்ளைகள்.

மையம் தளர்வதை எப்படி அறிவது என்று கேட்டால், என் தொழில் கண் சொல்வது இதுதான்: வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். நாள்தோறும் எழுதிய பதிவேட்டில் மையின் நிறம் மாறும், பேனா மாறும், அடித்தல் இருக்கும், மழை நாளில் வருகை குறையும். ஒரே அமர்வில் எழுதிய பதிவேடு ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், மழை நாளிலும் நிறை வருகையோடு இருக்கும். இரண்டாம் மையத்தின் அக்டோபர்ப் பக்கங்கள் அப்படித்தான் இருந்தன.

திசம்பரில் அரையாண்டு அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஓர் அன்பர், "பதிவேடு இருக்கிறது, சூலையில் எடுத்த படங்கள் இருக்கின்றன. இவற்றையே அனுப்பிவிட்டு, சனவரியில் மையங்களைத் திறந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். தீய நோக்கத்தில் அவர் சொல்லவில்லை. அறக்கட்டளையின் பெயர் கெடக் கூடாதே என்ற அச்சம். அன்றைய கூட்டம் இரவு பத்து மணி வரை நீண்டது. அந்த யோசனையை நான் உடனே மறுத்தேன் என்று சொன்னால் பொய்யாகும். சற்று நேரம் நானும் அதை எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசினேன். "அம்மா, இரண்டு மையங்கள் நின்றுவிட்டன. நவம்பரிலிருந்து அங்கே வகுப்பு இல்லை" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு அவர் கேட்ட முதல் வினா, "எவ்வளவு செலவாகாமல் இருக்கும் ஐயா?" என்பது. இரண்டு ஆசிரியர்களின் ஐந்து மாத மதிப்பூதியம், 50,000 ரூபாய். "இரண்டாம் தவணையில் குறைத்துக்கொள்கிறேன். திசம்பரிலேயே சொன்னீர்கள், நல்லது" என்றார்.

ஏன் நல்லது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. நிறுவனம் நம் கணக்கில் பணம் போட்டுவிட்டால் மட்டும் அது செலவாகிவிட்டதாகாது. நாம் அதைப் பணிக்குப் பயன்படுத்தினால்தான் செலவு. மார்ச்சு 31க்குள் பயன்படாத தொகைக்குச் சட்டம் வேறு வழி வகுத்திருக்கிறது. பல ஆண்டுத் திட்டம் என்று இயக்குநர் குழு ஏற்றிருந்தால், 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி மூன்றாண்டுக்குள் செலவிட வேண்டும். எங்களுடையது போன்ற ஓராண்டுத் திட்டமானால், ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிக்கும் அரசு நிதியம் ஒன்றில் செலுத்திவிட வேண்டும்; நம் வட்டாரத்துக்கு அது திரும்பி வராது. திசம்பரில் தெரிந்ததால், அந்த ஐம்பதாயிரத்தை அவர் வேறொரு பணிக்குத் திருப்ப முடிந்தது. ஏப்ரலில், தணிக்கையாளர் கண்டுபிடித்த பின் தெரிந்திருந்தால், விளக்கம் சொல்லும் நிலையில் அவரை நிறுத்தியிருப்போம். நாம் எழுதும் முன்மொழிவை மேலிடத்தில் தம் பெயரில் தாங்கி நிற்பவர் அவர் என்பதை அதுவரை நான் எண்ணியதே இல்லை.

மார்ச்சு மாதத் தேர்வில் எஞ்சிய மூன்று மையங்களின் 90 பிள்ளைகளில் 54 பேர் கதையைப் படித்தார்கள். நின்றுபோன இரண்டு மையங்களின் 60 பேரைப் பற்றி அறிக்கையில் ஒரே வரிதான்: தேர்வு நடத்தப்படவில்லை. நூறு என்ற இலக்குக்கு ஐம்பத்து நான்கு.

அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவைப் பிப்ரவரியிலேயே எழுதத் தொடங்கியிருந்தோம். நிறுவனங்கள் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான செயல்திட்டத்தை வகுக்கும் காலம் அது. ஆண்டு இறுதியில் ஓடிச்சென்று கேட்டால், மீந்த தொகை கிடைக்கலாம். பத்து மாதப் பணிக்கு ஏற்ற தொகை கிடைக்காது. இம்முறை அடித்த மூன்று வரிகளையும் மீண்டும் எழுதினோம். மொத்தம் 6,20,000. நூல்களுக்கான எங்கள் பங்கு நீங்கலாக 5,60,000. அதே ஐந்து ஊர், அதே 150 பிள்ளைகள். சென்ற ஆண்டைவிட 2,04,000 அதிகம். அதுவும் தோற்ற ஆண்டுக்குப் பின்.

குழு இதைக் கேட்குமென்று தெரியும். ஆகையால் கேட்கும் முன்னரே ஒரு பத்தி எழுதினோம். அதன் சாரம் இது. சென்ற ஆண்டு பிள்ளைக்கு 2,373 ரூபாய் என்றோம். உண்மையில் செலவானது 3,06,000. ஆண்டு முழுதும் படித்தவர் 90 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 3,400. இவ்வாண்டு கேட்பது பிள்ளைக்கு 3,733. கூடுதல் 333 ரூபாய்தான். அந்தக் கூடுதல், ஐந்து மையங்களும் மார்ச்சு வரை நிற்பதற்கான விலை. யார் விலகினால் என்ன செய்வோம் என்பதையும் எழுதினோம்: மையந்தோறும் ஒரு மாற்று ஆசிரியரை முன்கூட்டியே பயிற்சிக்கு அழைத்திருப்போம், பதினைந்து நாள் ஒரு மையம் நடக்காவிட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்போம். இந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் அன்பர்கள் சிலர் விரும்பவில்லை. நாமே ஏன் கழுத்தைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த வாக்கியத்தைத்தான் குழுவில் படித்துக் காட்டினாராம் அந்தப் பெண்.

அந்த 5 விழுக்காட்டு அச்சத்தையும் அவரே போக்கினார். விதிகள் சொல்லும் நிருவாகச் செலவு என்பது நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பொதுவாக நடத்துவதற்குத் தானே செய்யும் செலவு. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஒருங்கிணைப்பாளர் ஊதியமும் அவருடைய பயணமும் திட்டச் செலவே. இந்தத் தவறான நினைப்பால் எத்தனை சிறு அமைப்புகள் தம் தொண்டர்களை ஊதியமின்றி வேலை வாங்கிக்கொண்டிருக்கின்றனவோ! ஆனால் ஒன்று, சில நிறுவனங்கள் தம் உள் நெறிமுறையாகவே, தொண்டமைப்பின் மேற்செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கலாம். அது சட்டமன்று, அந்நிறுவனத்தின் முடிவு. முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று. கேட்டால் சொல்வார்கள். நாங்கள் முதல் ஆண்டில் கேட்கவேயில்லை.

தவணை பற்றியும் ஒரு சொல். 40, 40, 20 விழுக்காடு என்று மூன்று தவணையாகத் தருவதாகவும், கடைசித் தவணை இறுதி அறிக்கைக்குப் பின் என்றும் ஒப்பந்த வரைவில் இருந்தது. 20 விழுக்காடு என்பது 1,12,000 ரூபாய். பிப்ரவரி, மார்ச்சு மதிப்பூதியத்தை யார் கொடுப்பது? ஐயாயிரம் ரூபாயில் வீட்டுச் செலவைச் சமாளிக்கும் பெண்ணை, அறிக்கை ஏற்கப்படும்வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது. 50, 40, 10 என்று மாற்றக் கேட்டோம், மாற்றினார்கள். எஞ்சும் 56,000 ரூபாயை எங்கள் வைப்புத்தொகையிலிருந்து ஈடுகட்ட முடிந்தது. வைப்பே இல்லாத அமைப்பு, ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் இந்த ஒரு வரியையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வாண்டு ஐந்து மையங்களும் நடக்கின்றன. ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண்; மாதம் முதல் வாரத்தில் அவர் வங்கிக் கணக்கில் ஊதியம் சேர்ந்துவிடுகிறது. நின்றுபோன மையங்களின் 60 பிள்ளைகளில் 17 பேர் ஆறாம் வகுப்புக்குச் சென்றுவிட்டார்கள். ஆறாம் வகுப்பு எங்கள் திட்டத்தில் இல்லை. அவர்களில் நால்வர் மாலையில் தாமாகவே வந்து பின்வரிசையில் அமர்கிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் அமரவிடுகிறோம். ஒப்பந்தத்தில் இல்லாதவர் என்று அறிக்கையில் தனியே குறிக்கிறோம். மற்றப் பதின்மூவரையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டுச் செலவுத் தாளையும் இவ்வாண்டுச் செலவுத் தாளையும் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அடித்த மூன்று வரிகளும் அடித்தபடியே அதில் இருக்கின்றன. வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். முன்மொழிவு எழுதிவைத்திருப்போர் அதையும் கொண்டுவந்தால், உணவுக்குப் பின் சேர்ந்து அமர்ந்து பார்ப்போம்.